நாலு வரிக்குள் எதை வைப்பது, எதை விடுவது

*ஐயா, ஒன்றரை வருடமாக இன்ஸ்டாகிராமில் கவிதை போட்டு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. இரண்டு வரியாகச் சுருக்கினால் லைக் வருகிறது, ஆனால் காலை வணக்கப் பொன்மொழி மாதிரி இருக்கிறது என்று என் தோழியே சொல்கிறாள். ஒரே கவிதையின் இரண்டு வடிவத்தையும் அனுப்புகிறேன். சின்னதாகவும் இருக்க வேண்டும், ஆழமும் போகக் கூடாது. என்ன செய்வது?*

*நீண்டது:*

*அப்பா இல்லாத வீடு*
*அமைதியில் மூழ்கிக் கிடக்கிறது*
*அவர் அமர்ந்த நாற்காலி*
*அவர் வரவுக்காக ஏங்குகிறது*
*அவர் படித்த பேப்பர் மட்டும்*
*தினமும் வருகிறது*
*யாரும் பிரிப்பதில்லை*
*மழை பெய்தால்*
*அம்மா ஓடிப்போய் எடுக்கிறாள்*
*காலம் எல்லாவற்றையும் மாற்றுமாம்*
*மாறவே இல்லை*
*எங்கள் வலி*

*சுருக்கியது:*

*காலம் எல்லாவற்றையும் மாற்றும்*
*எங்கள் வலியைத் தவிர*

*— ஒரு வாசகி, தஞ்சாவூர்*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி நன்றாகப் படிக்கிறவர். அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டு வரியை இரண்டாக்கியபோது என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். கடைசி மூன்று வரியை வைத்துக்கொண்டு முதல் ஒன்பதைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அதாவது, தீர்ப்பை வைத்துக்கொண்டு சாட்சிகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டீர்கள். கவிதைப் பக்கத்துக்கு வரும் குறுங்கவிதைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம் இதுதான். 'மொத்தத்தில் என்ன சொல்ல வருகிறேன்?' என்று தன்னையே கேட்டு, அந்தப் பதிலைக் கவிதை என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பதில் பெரும்பாலும் எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஒன்றாக இருக்கும். வலி ஆறாது என்று வாசகருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் நனையக் கூடாதென்று ஒரு அம்மா வாசலுக்கு ஓடுவது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் எதிர்த்திசையில் சுருக்குவோம். உங்கள் கவிதையையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பன்னிரண்டு வரியையும் படித்து, கண்ணால் பார்க்கக்கூடியது எது, பார்க்க முடியாதது எது என்று பிரியுங்கள். 'அமைதியில் மூழ்கிக் கிடக்கிறது' பார்க்க முடியாது, அது உங்கள் கருத்து. நாற்காலியைப் பார்க்கலாம், அது ஏங்குவதைப் பார்க்க முடியாது. தமிழில் இன்று எழுதப்படும் இரங்கல் கவிதைகளில் நாற்காலி, கண்ணாடி, செருப்பு எல்லாம் ஏங்கிக்கொண்டே இருக்கின்றன. பொருளின் மீது நம் உணர்ச்சியை ஏற்றினால் அந்தப் பொருள் காணாமல் போய்விடும். வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த நாற்காலியில் உட்காருகிறார்களா, உட்காரப் போகிறவரை அம்மா வேறு இடம் காட்டி நகர்த்துகிறாரா? அப்படி ஏதாவது நடந்திருந்தால் அது வேறொரு கவிதை. இப்போதைக்கு நாற்காலியை விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது பேப்பரும் மழையும். இந்த ஐந்து வரியில்தான் யாரோ எதையோ செய்கிறார்கள், அல்லது செய்யாமல் விடுகிறார்கள். பேப்பர் வருகிறது, யாரும் பிரிப்பதில்லை, அம்மா ஓடுகிறார். நாலு வரிக் கவிதைக்கு ஒரு செயல் போதும். இரண்டு என்றால் ஒன்றையொன்று தொட வேண்டும்.

இப்போது வெட்டலாம். ஆசையாக வெட்டினால் இப்படி வரும்:

பேப்பர் வருகிறது.
மழையில்
அம்மா ஓடுகிறாள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இதைக் காட்டிப் பாருங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது?' என்று கேளுங்கள். கொடியில் துணி காய்கிறது போல என்று அவர் சொன்னால், நீங்கள் அளவுக்கு மேல் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். சொல்லாமல் விடுவது வேறு, வாசகரிடமிருந்து ஒளித்து வைப்பது வேறு. யார், எங்கே, எந்தப் பொருள் என்ற அடிப்படைத் தகவலை ஒளித்தால் ஆழம் வராது, குழப்பம்தான் வரும். உணர்ச்சியை மட்டும்தான் சொல்லாமல் விட முடியும்.

ஆகவே அப்பாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆனால் 'அப்பா இறந்துவிட்டார்' என்று ஒரு வரி வேண்டாம். பேப்பருக்கு முன்னால் அவர் பெயரை வைத்தால் போதும்:

அப்பாவின் பேப்பரை
நிறுத்தச் சொல்லவில்லை
யாரும்.
மழை நாளில் மட்டும்
ஓடுகிறாள் அம்மா
வாசலுக்கு.

கிட்ட வந்துவிட்டோம். 'நிறுத்தச் சொல்லவில்லை' என்ற இடத்திலேயே அப்பா இல்லை என்பது புரிந்துவிடுகிறது. ஆனால் 'சொல்லவில்லை யாரும்', 'ஓடுகிறாள் அம்மா வாசலுக்கு' என்ற தலைகீழ் வாக்கியங்களைப் பாருங்கள். தமிழில் வினையை முன்னால் தள்ளினாலே கவிதைத் தொனி வந்துவிடும். அதனால்தான் அதில் ஆபத்து. 'நான் இப்போது கவிதை சொல்கிறேன்' என்று அறிவிப்புக் கொடுப்பது மாதிரி இருக்கும். சொல்லும் விஷயம் அன்றாட வீட்டு விஷயமாக இருக்கும்போது வாக்கியமும் வீட்டில் பேசுகிற வரிசையிலேயே இருக்கட்டும். 'யாரும்.', 'வாசலுக்கு.' என்று ஒற்றைச் சொல்லை ஒரு வரியாக விடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருந்தால் செய்யலாம், 'வாசலுக்கு' என்ற சொல்லுக்கு இங்கே அது இல்லை.

நேராக்கினால்:

அப்பாவின் பேப்பரை
யாரும் நிறுத்தவில்லை.
மழை நாளில் மட்டும்
அம்மா வாசலுக்கு ஓடுகிறாள்.

இங்கே நிறுத்திக்கொள்வேன். மூன்றாவது வரியில் இருக்கும் 'மட்டும்' உங்கள் மூலத்தில் பேப்பரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மழைக்கு மாற்றியதில் ஒரு வரி மிச்சமாகிவிட்டது. மழை நாளில் மட்டும் ஓடுகிறாள் என்றால் மற்ற நாளில் அது வாசலிலேயே கிடக்கிறது என்று தானாகத் தெரியும். 'யாரும் பிரிப்பதில்லை' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அப்புறம், 'எடுக்கிறாள்' என்பதையும் விட்டுவிட்டேன். எடுத்தால் காரியம் முடிந்துவிடுகிறது. ஓடுவதோடு விட்டால், எடுத்து என்ன செய்வாள், எங்கே வைப்பாள் என்பது வாசகரிடம் போய்விடுகிறது. காலத்தையும் கவனியுங்கள். 'ஓடினாள்' என்றால் ஒரு நாள் நடந்த சம்பவம். 'ஓடுகிறாள்' என்றால் இந்த வீட்டில் பல மழை போய்விட்டது. மாதங்கள் கடந்ததைச் சொல்ல வேறு வரி தேவைப்படவில்லை.

உங்கள் இரண்டு வரிப் பொன்மொழியில் 'காலம்' என்ற சொல் இருந்தது. இந்த நாலு வரியில் அந்தச் சொல் இல்லை, ஆனால் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எதுவும் போனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட உத்தி இல்லை. குறுந்தொகையில் கவிதைக்கு நாலிலிருந்து எட்டு அடி என்பது கணக்கு. அதில் 25-வது பாட்டு, கபிலர் பாடியது, ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு இருந்தது, அதன் கால் தினைத் தாளைப் போல மெல்லிசாகப் பச்சையாக இருந்தது. அவ்வளவுதான் பாட்டு. முதல் இரண்டு அடியில் தலைவி தன் கவலையை நேராகவே சொல்லிவிடுகிறாள். ஆனால் அதன்மேல் இன்னொரு கவலையை அடுக்கவில்லை, ஒரு பறவையைக் காட்டுகிறாள். இருந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இவளை அது பார்த்திருக்காது, பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்லாது. 'எனக்கு யாரும் துணையில்லை' என்று அவள் சொல்லியிருந்தால் இத்தனை நூற்றாண்டு கழித்து அதை எடுத்துப் படிக்க நமக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது. எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றும். குருகின் காலை அவ்வளவு நுணுக்கமாக அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்றால், அந்த நேரத்தில் வெட்கத்தில் கண்ணைத் தாழ்த்தி அதையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். கபிலர் அதையும் சொல்லவில்லை.

'அப்படியானால் குறள் முடிவைத்தானே சொல்கிறது, அதுவும் ஏழே சீரில்?' என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் குறள் ஒவ்வொன்றும் ஓர் அதிகாரத்தில் பத்தில் ஒன்றாக நிற்கிறது, வெண்பாவின் ஓசை அதைத் தாங்குகிறது. சொல்கிற கருத்தும் பல இடங்களில் நாம் எதிர்பார்க்கிற கருத்து இல்லை. யாப்பும் இல்லாமல், சூழலும் இல்லாமல், எல்லாருக்கும் தெரிந்த கருத்தை இரண்டாக மடக்கி எழுதிவிட்டுக் குறளைத் துணைக்கு அழைப்பது நியாயமில்லை.

ஹைக்கூ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் பக்கத்தில் மூன்று வரிக் கவிதைகளுக்கெல்லாம் அந்தப் பெயர் போட்டிருக்கிறீர்கள். ஜப்பானியர்களின் சுருக்கமான கவிதை முறையைப் பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் எழுதித் தமிழுக்கு அறிமுகம் செய்தார். நாம் அதிலிருந்து மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டோம். ஜப்பானிய மொழியில் 5-7-5 என்ற அசைக்கணக்கு உண்டு. அதைவிட முக்கியமானது நடுவில் இருக்கும் வெட்டு: இரண்டு காட்சிகளை அருகருகே வைத்து, ஒன்றால் மற்றொன்றை விளக்காமல் விடுவது. மூன்றாவது வரியில் 'அதுபோலத்தான் வாழ்க்கையும்' என்று வந்தால் அந்த வெட்டு அடைபட்டுவிடும். மேலே இருக்கும் உங்கள் நாலு வரியில் அந்த வெட்டு இரண்டாம் வரியின் முற்றுப்புள்ளியில் இருக்கிறது. பேப்பரை நிறுத்தாததும் மழையில் ஓடுவதும் எப்படிச் சேர்கின்றன என்று நாம் சொல்லவில்லை.

இனி திரை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கவியரங்கத்தில் கவிஞர் முதல் வரியை இரண்டு தடவை சொல்வார், கடைசி வரியைத் தன் கையிலேயே வைத்திருப்பார், அவர் விடும்போதுதான் அது நம்மிடம் வரும். கைத்தட்டல் வாங்கும் கடைசி வரி அந்த மேடைக்காக வளர்ந்த பழக்கம். போனில் நாலு வரி ஒரு படமாக வந்து நிற்கும்போது கண் நாலையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடும். படிக்கத் தொடங்கும் முன்பே கடைசி வரி அங்கே தெரிகிறது. ஆகவே திடுக்கிடும் கடைசி வரியை நம்பி எழுதினால் பாதி பலம் முதலிலேயே போய்விடும். முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'என்ன பேப்பர்? ஏன் ஓடுகிறாள்?' என்று மறுபடி முதல் வரிக்குப் போக வைப்பதுதான் இங்கே நடக்கிற விஷயம். விரல் நிற்பது அந்த இரண்டாவது வாசிப்பில்தான். ரீலில் வரி வரியாகக் காட்டும்போது மேடையின் நேரக்கட்டுப்பாடு ஓரளவு திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நாலு வரிக் கவிதையை நாலு ஸ்லைடாக வெட்டி நகர்த்தச் சொல்வதை நான் விரும்பவில்லை. யாராவது ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் கவிதை இரண்டாகிவிடும்.

வரி முறிவும் அப்படித்தான். தமிழில் வேற்றுமை உருபு, விகுதி எல்லாம் சேர்ந்து சொல் நீண்டுவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பினால் சிறிய திரையில் நீண்ட வரி தானாக உடையும். பெற்றோர்கள் போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அங்கே நீங்கள் எழுதிய நாலு வரி ஏழாகத் தெரியும். ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இன்ஸ்டாகிராமுக்குப் படமாகச் செய்யும்போது 1080×1350 அளவில் எடுத்து, நாலு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். உங்கள் பக்கத்தின் கட்டங்களில் படம் சின்னதாகத் தெரியும்போதும் எழுத்து ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது.

பின்னணிப் படம் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நீங்கள் அனுப்பிய பதிவில் காலி நாற்காலி, மேலே மழைத்துளி, ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி. நாம் இவ்வளவு பாடுபட்டு நீக்கிய நாற்காலியும் ஏக்கமும் படமாகத் திரும்ப வந்துவிட்டன. வெறும் நிறம் போதும். படத்தின் கீழே எழுதும் குறிப்பிலும் இதே தவறு நடக்கிறது. கவிதையில் சொல்லாமல் விட்டதை அங்கே 'அப்பா போன பிறகு எதுவும் மாறவில்லை' என்று எழுதி, கூடவே அழுகிற முகம் ஒன்றையும் போட்டுவிடுகிறோம். குறிப்பில் கவிதையையே ஒரு தடவை எழுத்தாக இட்டுவிடுங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் பல சமயம் படிக்காது. அவர்களுக்கு அது உதவும், தேடினாலும் கிடைக்கும்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் செல்லாது. ஒரு அநியாயத்தைக் கண்டித்து எழுதும்போது, முழக்கமாக எழுதும்போது, முடிவை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். அங்கே நாசூக்காக ஒதுங்கிக்கொண்டால் அது கோழைத்தனமாகப் போய்விடும். காதல் கவிதையில் எனக்கு இரண்டும் கெட்டான் நிலைதான். செயலைக் காட்டி எழுதியவைதான் நிற்கின்றன, ஆனால் நேரடியாகச் சொன்ன ஒன்றிரண்டும் எப்படியோ நின்றுவிடுகின்றன. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது.

லைக் குறையும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொன்மொழிக்கு லைக் வருவதற்குக் காரணம், படிப்பவர் அதைத் தன் வாக்கியமாக எடுத்து உடனே ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளலாம் என்பது. உங்கள் அம்மா வாசலுக்கு ஓடுவதை அப்படி யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே வேறு இரண்டைப் பாருங்கள். உங்கள் கணக்கை புரொஃபஷனல் கணக்காக மாற்றினால் ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்று காட்டும். இரண்டாவது, பின்னூட்டத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். 'உண்மை', 'செம', கைகூப்பும் படம் என்று வந்தால் அவர்கள் கருத்தை ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்கள். 'எங்க தாத்தா சைக்கிளுக்கு இன்னும் மாசாமாசம் காத்து அடிக்கிறோம்' என்ற மாதிரி ஒருவர் தன் வீட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு வந்தால், கவிதை அவர் வீடு வரை போயிருக்கிறது.

இன்னொன்று. தினமும் ஒன்று போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தினமும் பொன்மொழிதான் வரும். காட்சி தினமும் கிடைக்காது, கருத்து எப்போதும் கைவசம் இருக்கும். வாரத்துக்கு ஒன்று போதும். மீதி நாட்களில் வீட்டில், பஸ்ஸில், அலுவலகத்தில் யாராவது செய்த விசித்திரமான சின்னக் காரியங்களை ஒரு நோட்டில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். அவர் ஏன் செய்தார் என்பதை எழுத வேண்டாம், செய்ததை மட்டும் எழுதுங்கள்.